இருபத்து மூன்று புத்தகங்களும் பத்து வாரங்களும்

தஞ்சோங் பகார் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அழகப்பன், 1963இல் பொருளாதார மாலை வகுப்பில் இரண்டாம் முறையாகப் பரீட்சை எழுதவிருந்தார். இந்த முறையும் தவறினால் வகுப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். பரீட்சைக்குப் பத்து வாரம் இருந்தது. விரிவுரையாளர் கொடுத்த பட்டியலில் இருபத்து மூன்று புத்தகங்கள்.

எல்லாவற்றின் பக்கங்களையும் கூட்டினார்; நாலாயிரத்து எண்ணூறு. தன் வாசிப்பு வேகத்தையும் கடிகாரம் வைத்து அளந்தார். மணிக்கு நாற்பது பக்கம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கும். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பட்டியலில் இருந்த வரிசைப்படியே கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். சிராங்கூன் சாலை மாடிவீட்டில் அதைவிட அழகான காகிதம் இருந்ததில்லை.

முதல் வாரம் முடிந்தபோது நானூற்று எண்பதுக்குப் பதில் நூற்றெண்பது பக்கம்தான் ஓடியிருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியையான மனைவி தங்கம் காரணம் கேட்டாள். வேகத்தை எதில் அளந்தீர்கள் என்று அவள் விசாரிக்க, தீபாவளி மலரில் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நகைச்சுவைத் துணுக்கு படிக்கிற வேகத்துல வரி விதிப்பைப் படிக்கப் போனீங்களாக்கும்," என்றாள் தங்கம். "குறிப்பு வேற எடுக்கணும்லா. மணிக்குப் பதினஞ்சுன்னு போடுங்க."

பிறகு பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அது நூலாசிரியர் பெயர்களின் அகரவரிசை.

"பள்ளிக்கூடத்துல எப்பவும் உங்க பேருதான் முதல்ல கூப்பிடுவாங்க. அதனால முதல்ல இருக்கறதுதான் முக்கியம்னு நெனச்சிட்டீங்க."

கடைசிப் பக்கத்தின் அடியில், மங்கலான சைக்ளோஸ்டைல் எழுத்தில் ஒரு வரி இருந்தது: நட்சத்திரமிட்டவை கட்டாயம். ஐந்தே புத்தகங்களுக்கு நட்சத்திரம். அவற்றிலும் குறிப்பிட்ட அத்தியாயங்கள் மட்டும். மொத்தம் ஆயிரத்து ஐம்பது பக்கம். அழகப்பன் ஒரு வாரம் முட்டி மோதிய புத்தகத்துக்கு நட்சத்திரம் இல்லை.

மணிக்குப் பதினைந்து என்றால் எழுபது மணி நேர வேலை என்று தங்கம் புதுக் கட்டம் போட்டாள். வாரம் பத்து மணியாக ஏழு வாரம்; எந்த விரிவுரைக்கு எது தேவையோ அது முன்னால். நூலகத்தை விட்டு வெளியே தராத இரண்டு புத்தகங்கள் சனிக்கிழமை மதியத்துக்கு, அரைநாள் வேலை முடிந்தபின். வாரத்தில் மிஞ்சும் இரண்டு மணி நேரம், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் தலைவலிக்கும். கடைசி இரண்டு வாரம் பழைய கேள்வித்தாள். மற்றப் பதினெட்டையும் பட்டியலில் கோடு போட்டு அடிக்கச் சொன்னாள். பேனாவை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். உறவினர் பெயரைக் கல்யாணப் பத்திரிகையிலிருந்து நீக்குவது போலத்தான் இருந்தது. கடைசியில் அடித்தார்.

பரீட்சையில் எட்டுக் கேள்விகளில் ஐந்து எழுத வேண்டும். நாலு படித்ததிலிருந்து வந்தன. ஐந்தாவதை அனுமானத்தில் எழுதினார். ஐம்பத்து நாலு மதிப்பெண். தேறிவிட்டார்.

அந்தப் பதினெட்டையும் படித்திருந்தால் அறுபதைத் தாண்டியிருக்கலாம் என்று அன்று சாப்பிடும்போது மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"படிச்சிருந்தா, இன்னும் படிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க," என்று தங்கம் ரசத்தை ஊற்றினாள்.