ஆனி மாதக் கணக்கு

பங்குனி பத்தாம் தேதிக்குள் கன்று போட்டுவிடும் என்று சொல்லித்தான் சொர்ணாம்பாள் பசுவைக் காரைக்காலுக்கு அனுப்பிவைத்திருந்தாள். புருஷன் சோமு ஐப்பசி மழையில் இளைப்பு முற்றிக் காலமான பிறகு, பூவத்து வீட்டில் அவள் ஒருத்தி. நிறைசினை மாட்டைத் தனியாளாகப் பார்க்க முடியாது என்று தை பிறந்ததும் அங்கே தெரிந்தவரான அப்துல் லத்தீப் வீட்டுக்குச் சொந்தமாகவே கொடுத்துவிட்டாள். லத்தீபின் மனைவி கைருன்னிஸாவுக்கு மாட்டின் மேல் உயிர். கொம்பில் எண்ணெய் தடவி, தவிடும் பிண்ணாக்கும் கரைத்துவைத்து, அது குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

பத்து வந்தது, போனது. பதினைந்தும் போனது. மாடு அசைபோட்டபடி படுத்திருந்தது.

பதினேழாம் தேதி காலையில் லத்தீபும் கைருன்னிஸாவும் வில்வண்டி கட்டிக்கொண்டு பூவத்துக்கு வந்து இறங்கினார்கள். சொர்ணாம்பாள் வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"மாட்டுக்கு என்ன?"

"மாடு நல்லாத்தான் இருக்கு அக்கா," என்றாள் கைருன்னிஸா. "கன்னுதான் வரல. மடிகூட இன்னும் இறங்கல."

லத்தீப் தயங்கிச் சொன்னார். "உத்திராபதி வந்து பாத்தாரு. தேதி தப்பிடுச்சு, உள்ளேயே கன்னு செத்திருக்கும், விட்டா தாயும் தங்காதுங்கிறாரு. கஷாயம் குடுத்து, கைவிட்டு எடுத்துடலாங்கிறாரு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுடணும்னு இவ அழுவுறா."

உத்திராபதி அனுபவமுள்ள மாட்டு வைத்தியர். அந்தப் பக்கத்தில் சிக்கிக்கொண்ட கன்றுகளையெல்லாம் எடுத்துக் காப்பாற்றியவர். அவர் சொல்லைத் தட்ட யாருக்கும் மனம் வராது. சொர்ணாம்பாள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள்.

"ஆனி ஒண்ணாந் தேதி நானே காளைக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன் பாய். அதுலேருந்து ஒம்பது மாசம் எண்ணுனா பங்குனி ஒண்ணு. மேல ஒம்பது பத்து நாளு. பத்தாந் தேதிதானே வருது? நாலஞ்சு நாள் முன்ன பின்ன ஆவும். ஆனா மடி இறங்காம இருக்காதே."

"நீங்க சொன்ன தேதியத்தான் நானும் உத்திராபதிகிட்ட சொன்னேன்," என்றார் லத்தீப்.

"காளைக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவோம்," என்றாள் சொர்ணாம்பாள். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பொலிகாளை வைத்திருந்த சிதம்பரநாதன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மூவரும் போனபோது அவர் களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

"ஆனி ஒண்ணா? அந்தத் தடவ சினை நிக்கலியே, தாயி."

"நிக்கலையா?"

"திரும்பவும் பருவத்துக்குக் கத்திச்சே. மூணு வாரம் கழிச்சு ரெண்டாந் தடவையும் இங்க வந்துச்சு. ஒனக்குத் தெரியாதா?"

சொர்ணாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு ஓட்டியாந்தா?"

சிதம்பரநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "சோமுதான்."

"அவரால வாசப்படி தாண்ட முடியாதே அண்ணே! எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி, நான் கொல்லைக்குக்கூடக் கையப் பிடிச்சுத்தானே..."

"மாங்கனித் திருவிழா அன்னிக்கி. நீ காரைக்காலுக்குப் போயிருந்தியாமே."

அவள் போயிருந்தாள். காரைக்கால் அம்மையாருக்கு நேர்ந்துகொண்டு, புருஷன் மூச்சு சீராக வேண்டும் என்று மாம்பழம் இறைக்கப் போயிருந்தாள். விடிவதற்கு முன்பே கிளம்பி, கூட்டத்தில் இடிபட்டு, பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று எழுப்பவில்லை.

"நீ போன பிறகு மாடு கத்த ஆரம்பிச்சிருக்கு," என்றார் சிதம்பரநாதன். "இன்னிக்கி விட்டா இன்னும் மூணு வாரம் ஆவும், அதுவரைக்கும் நான் இருப்பேனோ என்னவோன்னு சொன்னான். நீ ஓட்டுறதா, மாடு ஒன்னை ஓட்டுறதான்னு நான்கூடக் கேலி பண்ணுனேன். மதகுல ஒக்காந்து ஒக்காந்து வந்திருக்கான். திரும்பிப் போறப்ப நான்தான் மாட்டப் புடிச்சிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதே, நான் நடந்தேன்னு தெரிஞ்சா அழுவான்னு கையப் புடிச்சிக்கிட்டான். ஒனக்கு வேற யாரும் இல்ல, வீட்டுல பால்மாடு ஒண்ணாவது நிக்கணுமின்னான்."

சொர்ணாம்பாள் களத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைருன்னிஸா பக்கத்தில் அமர்ந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

லத்தீப்தான் மெல்லக் கேட்டார். "அப்ப கணக்கு எப்படி வருது?"

"ரெண்டாவது தடவையிலேருந்துதான் எண்ணணும்," என்றார் சிதம்பரநாதன். "அதுக்கப்புறம் மாடு கத்தல, அதான் நின்ன நாள். மாங்கனி, ஆனி இருபத்தொண்ணு. பங்குனி இருபத்தொண்ணோட ஒம்பது மாசம். மேல ஒம்பது பத்து நாளு போட்டா, சித்திரை பொறக்கறப்பதான். தண்ணி காட்டுறப்ப வலது பக்கத்து வயித்துல கைய வச்சுப் பாருங்க. கன்னு உதைக்கும்."

"உதைக்குது!" என்றாள் கைருன்னிஸா. "நேத்து நான் பாத்தேன். இவங்க யாரும் நம்பல. கொடலு அசையுதுன்னுட்டாங்க."

"அப்ப நாளைக்கி உத்திராபதி கஷாயம் குடுத்தா?" லத்தீபின் குரல் இறங்கியது.

"ரெண்டு வாரம் முன்னாடி வெளிய வந்தா எந்தக் கன்னு தங்கும்?"

அன்றே சொர்ணாம்பாளும் அவர்களோடு காரைக்காலுக்குப் போனாள். லத்தீப் நேராக உத்திராபதி வீட்டுக்குப் போனார். அவர் கேட்டுவிட்டு, "எனக்குச் சொன்ன தேதிய வச்சு நான் சொன்னேன். நல்லவேளை, முன்னாடியே வந்து சொன்னீங்க," என்றார். அவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

சொர்ணாம்பாள் அன்று இரவு மட்டும் தங்குவதாகத்தான் வந்தாள். கைருன்னிஸா விடவில்லை. தனியாக ஒரு மண்ணடுப்பு போட்டுக் கொடுத்து, "ஒங்க சமையல் ஒங்களுக்கு, மாடு நம்ம ரெண்டு பேருக்கும்," என்றாள். தண்ணீர் காட்டும்போதெல்லாம் இரண்டு பெண்களும் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார்கள். உதை பட்டால் கைருன்னிஸா சிரிப்பாள். சொர்ணாம்பாள் கையை எடுக்காமல் நிற்பாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதல் நாள் கோபம் கோபமாக வந்தது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கரைந்தது.

பங்குனி இருபத்தாறுக்கு மேல் மடி இறங்கத் தொடங்கியது. பிறகு வால் மூட்டின் இரு பக்கமும் குழி விழுந்தது. வருஷப்பிறப்புக்கு முதல் நாள் மதியம் மாடு தீனியைத் தொடாமல், எழுந்தும் படுத்தும் தவித்தது. பனிக்குடம் உடைந்தது. முதலில் முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின் மேல் வைத்தபடி மூக்கும் தெரிந்தன. உத்திராபதி வந்து நின்றார். ஆனால் கை வைக்கவில்லை.

"நேராத்தான் வருது. அதுவே போட்டுடும்," என்றார்.

போட்டது. செம்பழுப்பில் ஒரு கிடாரி, பெண் கன்று. தாய் நக்கி நக்கி அதை உலர்த்தியது. மூன்று முறை விழுந்து நான்காம் முறை அது நின்றபோது, கைருன்னிஸா அதன் வாயை மடிக்குக் காட்டிவிட்டாள். நஞ்சுக்கொடி விழும்வரை சொர்ணாம்பாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"கன்னு பால் மறந்ததும் ஒங்களுக்குத்தான் அக்கா," என்றாள் கைருன்னிஸா. "பூவத்துக்கே ஓட்டிக்கிட்டுப் போங்க. பால்மாடு நிக்கணும்னு ஆசைப்பட்டாருல்ல அண்ணன்."

"தனியா எப்படிம்மா பாப்பேன்?"

"தாயைத்தான் பாக்க முடியாதுன்னு குடுத்தீங்க. கன்னுக்குட்டியப் பாத்துக்க முடியாதா?"

சொர்ணாம்பாள் கன்றின் ஈரக் காதை முந்தானையால் துடைத்துவிட்டாள். சித்திரை, வைகாசி, ஆனி என்று விரலை மடக்கி, அது பால் மறக்க எந்த மாதம் ஆகும் என்று எண்ணத் தொடங்கினாள்.