மேசை ஆறின் பாட்டில்

கடிதம் பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது. "தங்கள் ஆய்வக அறிக்கையும் தங்கள் மேசைத் துணையின் அறிக்கையும் கூட்டாகத் தயாரிக்கப்பட்டவையோ என்ற ஐயம் எழுந்துள்ளது." ஐயமாம். நேராகக் 'காப்பி அடித்தாயா' என்று கேட்டிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

வேதியியல் இரண்டாம் ஆண்டு. வினிகரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை. பியூரெட் குழாயிலிருந்து காரக் கரைசலை விட்டுக்கொண்டே மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். அளவுகளை இருவரும் சேர்ந்து எடுக்கலாம். கணக்கு, கிராஃப், விளக்கம் எல்லாம் தனித்தனி. இதுதான் விதி. விதி மீறியது உறுதியானால் அறிக்கைக்கு முட்டை, லேப் பேப்பரில் ஃபெயில். ஜூனில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கிடைத்திருந்த பயிற்சி இடமும் போய்விடும். அந்த ஒரு இடத்துக்காக இரண்டு வருடம் நாக்குத் தள்ள உழைத்திருந்தேன்.

புகார் கொடுத்தது எங்கள் லேப் ஆசிரியர். காற்புள்ளி விட்டாலும் அரை மதிப்பெண் வெட்டுவதால் அவர் பெயர் அரைமார்க். அன்று காரக் கரைசலின் செறிவு 0.1034 என்று அவர் போர்டில் எழுதிப் போட்டிருந்தார். வகுப்பே அதைத்தான் போட்டது. நாங்கள் இருவர் மட்டும் 0.0968 என்று எழுதியிருந்தோம். ஒருத்தி தப்பாக எழுதினாள், இன்னொருத்தி அதைப் பார்த்து எழுதினாள் என்பது அவர் தீர்ப்பு. கிராஃபிலும் எங்கள் அச்சுகள் ஒரே மாதிரி இருந்தனவாம்.

என் துணையின் பெயர் தூங்குமூஞ்சி. நான் வைத்ததுதான். விசாரணை முடியும்வரை வழக்கைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. ஒரு வாரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேனா வேண்டுமா என்றுகூடக் கேட்காமல், இரண்டு பொம்மைகளாக விரிவுரை கேட்டோம். அவள் அந்த வாரம் வகுப்பில் ஒரு நாளும் தூங்கவில்லை.

முதல் பதிலை நாலு பக்கம் எழுதினேன். அரைமார்க்குக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது அதில் மிக மென்மையான வரி. அக்காவிடம் காட்டினேன். அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோரிக்கைகளைப் படித்துச் சரிபார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் புலம்பலைப் படித்துப் படித்து மனசு மரத்துப்போனவள். சாப்பிட்டுக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

"'என் மனம் சுக்குநூறாகியது'னு எழுதியிருக்கே. இதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கே?"

"மனசுக்கு எப்படிடீ ஆதாரம்?"

"அப்ப அடி. அவருக்குக் கண்ணு தெரியலைங்கிறதையும் அடி. அவர் எழுதினது போர்டுல இருந்துச்சா இல்லையா?"

இருந்தது என்றேன். அப்படியானால் அவர் சொன்னது சரிதானே, உன் எண் எங்கிருந்து வந்தது, அதை மட்டும் சொல் என்றாள்.

அங்கேதான் சிக்கல். எண் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் மானம் போகும். அன்று சோதனை தொடங்குமுன்பே எங்கள் காரக் கரைசல் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. லேப் அண்ணன் ஓடி வந்து, மேசையைச் சுத்தம் செய்து, போன வாரம் மிச்சமிருந்த பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். அதன் லேபிளில் 0.0968. நாங்கள் அதையே எழுதினோம். பாட்டில் மாறியதை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை. கொட்டினால் பாதுகாப்புக்கு இரண்டு மதிப்பெண் போகும் என்ற பயம். இரண்டு மதிப்பெண்ணைக் காப்பாற்றப் போய் முழு பேப்பரையும் அடகு வைத்திருந்தோம்.

மறுநாள் லேப் அண்ணனிடம் போனேன். இருப்பு அறை அலமாரியிலிருந்து, லேபில் எது கொட்டினாலும் குறித்து வைக்கும் சிந்தல் ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினார். அதை யாரும் படிப்பதில்லை என்று அவருக்கே வருத்தம். அன்றைய பதிவு இருந்தது: மேசை 6, நேரம், கொடுத்த மாற்றுப் பாட்டிலின் எண். அதன் கீழே இன்னும் ஒரு வரி. அதைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. ஆனாலும் பக்கத்தை முழுதாக நகல் எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் பதில் ஒரே பக்கம். பாட்டில் கவிழ்ந்தது, அது என் பக்கம் இருந்தது, என் முழங்கை பட்டிருக்க வேண்டும். மாற்றுப் பாட்டிலின் செறிவு 0.0968. மற்ற மேசைகளுக்கு ஏறக்குறைய 20.0 மில்லி செலவானது, எங்களுக்கு 21.4, கரைசல் நீர்த்திருந்தால் அதிகம் செலவாவது இயல்பு. செறிவையும் செலவான அளவையும் பெருக்கினால் எல்லா மேசைக்கும் வினிகரின் அமிலம் ஒன்றேதான். பாட்டில் மாறியதை அறிக்கையில் குறிப்பிடாதது என் தவறு. ஆசிரியர் போர்டில் எழுதியதை வைத்து ஐயப்பட்டது நியாயமே. இந்த வரியை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடிதத்தில் கேட்டிருந்த மூன்றாம் கேள்வி மிச்சமிருந்தது: அறிக்கையின் எந்தப் பகுதியையாவது பகிர்ந்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை தூங்குமூஞ்சி கேட்டாள் என்று என் கிராஃபைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். இதை விட்டுவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"கேட்டிருக்காங்களா?"

"கேட்டிருக்காங்க."

"அப்ப எழுது. போனைக் கேட்டா என்ன பண்ணுவே, முழுங்குவியா?"

எழுதினேன். அவள் கேட்டாள் என்று எழுதவில்லை. அனுப்பினேன் என்று மட்டும் எழுதினேன். அனுப்பியது என் விரல்தானே.

விசாரணை மூன்றாம் மாடியில். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணைக் குழுத் தலைவி, அரைமார்க், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த வேறு துறை ஆசிரியர் ஒருவர். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும், நடுவில் ஒரு காலி நாற்காலியும். தலைவி எங்கள் இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாக ஒப்பிட்டார். காப்பி அடித்தோமா என்ற கேள்விக்கு எழுதிய பதிலையே காப்பி அடித்தோமா என்று பார்க்கிறார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அரைமார்க் ரிஜிஸ்டர் நகலைப் படித்தார். கால்குலேட்டரை எடுத்து இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண் சரிதான். பாட்டில் மாறினது எனக்குத் தெரியாது" என்றார்.

அந்த மனுஷனை நாலு பக்கம் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

தலைவி நிமிர்ந்தார். "ரெண்டு பதிலும் எல்லாத்துலயும் ஒத்துப் போகுது, ஒண்ணைத் தவிர. நீங்க உங்க முழங்கைனு எழுதியிருக்கீங்க. அவங்க அவங்க முழங்கைனு எழுதியிருக்காங்க. படத்தை நீங்க அனுப்பினேன்னு சொல்றீங்க. அவங்க, நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்னு சொல்றாங்க."

பிறகு ரிஜிஸ்டரின் கடைசி வரியை, எனக்குக் காது சூடான அதே வரியை, சத்தமாகப் படித்தார்: "யார் கொட்டியது என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினர்."

வேறு துறை ஆசிரியர் முதல் முறையாகக் கடிகாரத்தை மறந்து சிரித்தார். சேர்ந்து பேசி எழுதியிருந்தால் முழங்கை ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

கூட்டுத் தயாரிப்பு நிரூபணமாகவில்லை. படம் பகிர்ந்ததற்கு இருவருக்கும் எழுத்து எச்சரிக்கை, கிராஃபுக்கான ஆறு மதிப்பெண் ரத்து. பேப்பர் பாஸ். பாட்டில் எண்ணைக் குறிப்பிடாததற்கு அரைமார்க் தன் பங்குக்கு அரை மதிப்பெண் வெட்டினார். கொட்டியதற்கான இரண்டும் போனது.

படியிறங்கும்போது முதல் மாடி வரை இருவரும் பேசவில்லை. பேசலாம் என்பது ஒரு வாரத்தில் மறந்தே போயிருந்தது.

"உண்மையைச் சொல்லுடீ, அது யாரு முழங்கை?" என்றேன்.

தூங்குமூஞ்சி பெரிதாகக் கொட்டாவி விட்டாள். எட்டு நாளுக்குப் பிறகு அந்தக் கொட்டாவியைப் பார்த்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உன்னோடதுதான்" என்றாள்.