கறுப்பு வெள்ளையில் ஒரு நன்றி

எங்கள் மருத்துவமனையின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தைவானின் கிழக்குக் கரையில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சின்ன மருத்துவமனை. காய்ச்சல் தடுப்பூசி, வாகன நிறுத்தம், புயல் விடுமுறை என்று எதைப் போட்டாலும் விரும்புகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் திங்கட்கிழமைப் பதிவுக்கு மட்டும் ஊரே திரண்டு வந்தது. திரண்டு வந்த விதம்தான் வேறு.

முப்பது ஆண்டுகளாக இங்கே வைத்தியம் பார்த்து, அதில் இருபத்திரண்டு ஆண்டுகள் தலைமை மருத்துவராக இருந்த யான் ஷியூ-லான் அம்மையார் அன்று பொறுப்பை ஒப்படைக்கிறார். புதியவர் லியாவ் காய்-ரென், நாற்பத்து நான்கு வயது. தலைமை மருத்துவர் மாற்றத்துக்குச் சுகாதாரத் துறை ஒப்புதல் வந்த பிறகுதான் அறிவிக்க வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை ஒப்புதல் வந்துவிட்டது. நானும் எழுதிவிட்டேன். முதல் வரியில் செய்தி, அடுத்து நன்றி, அதற்கடுத்து புதியவரின் அறிமுகம்.

மருத்துவமனை வாரிய அலுவலகச் செயலாளர் ஹோ அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"மூத்தவங்களுக்கு நன்றி சொல்லாம சின்னவர் பேரை முதல்ல போடுவியா? நம்ம வழக்கமா இது?"

"செய்தி மேல இருந்தா நல்லதுன்னு..."

"மரியாதை மேல இருந்தா இன்னும் நல்லது, மெய்-ஷுவான்."

வழக்கம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. நன்றி மேலே ஏறியது. யான் அம்மையாரின் படத்தில் பின்னாலிருந்த பச்சைத் திரை கண்ணை உறுத்துகிறது என்று ஹோ அதையும் கறுப்பு வெள்ளையாக்கினார். எனக்கும் அது கம்பீரமாகத்தான் தெரிந்தது. திங்கள் விடிகாலையில் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கைபேசியில் ஒரு பதிவின் முதல் சில வரிகள்தான் தெரியும். மற்றதெல்லாம் 'மேலும் பார்க்க' என்பதற்குள் போய்விடும். அன்று ஊர் கண்டது, கறுப்பு வெள்ளையில் யான் அம்மையாரின் முகம். அதன் கீழே: 'முப்பது ஆண்டுகள் இந்தக் கரையின் இதயத் துடிப்பைக் கேட்டவர். டாக்டர் யான் அவர்களே, உங்கள் அன்பை என்றும் மறவோம்.'

புதியவர், பதவி, ஒப்படைப்பு எல்லாம் மடிப்புக்குள் கிடந்தன.

நான் வந்தபோது கீழ்த்தளக் கூடம் நிறைந்திருந்தது. மீன் ஏலத்திலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்தவர்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், சக்கர நாற்காலிக்காரர்கள். பலர் கையில் மஞ்சள் சாமந்தி, சிலர் கையில் துக்க வீட்டில் பணம் வைத்துக் கொடுக்கும் வெள்ளை உறை. யாரும் சத்தம் போடவில்லை. ஒரு மனுஷிக்கு இவ்வளவு பேரா என்று பிரமித்து நின்றேன். இதைச் செய்துவைத்ததே நாங்கள்தான் என்பது அடுத்த நொடி உறைத்தது.

நடுவில் லியாவ் நின்றிருந்தார். கையில் ஏதுமில்லை, புது வெள்ளை அங்கி. ஒவ்வொருவரிடமும் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவங்க நல்லா இருக்காங்க. வந்துட்டிருக்காங்க."

படகோட்டி அ-சூன் கிழவர் நம்பவில்லை.

"நீ யாரப்பா அதைச் சொல்ல?"

"இங்க புதுசா வந்த டாக்டர், பெரியப்பா."

"ஓ, அந்த தைபே ஆளா. அவங்க கண்ணை மூடினதும் நாற்காலியைப் பிடிக்க வந்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே ஊரில் இவரைப் பற்றிப் பேச்சு அப்படித்தான். தலைநகரத்துச் சொகுசுக்காரன், இரண்டு வருடத்தில் ஓடிவிடுவான் என்று. முதல் நாளே இப்படி ஆகிவிட்டால் இந்த மனிதர் இங்கே எப்படி வைத்தியம் பார்ப்பார்? லியாவ் கிழவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே, ஒரு கையில் சோயா பாலும் சோற்று உருண்டையும் தொங்க, யான் அம்மையார் வந்து நின்றார்.

கூடத்தில் யாரோ கையிலிருந்த சாமந்தி நழுவிக் கீழே விழுந்தது.

"யாரு செத்துப்போனது?" என்றார்.

அ-சூன் தன் உறையை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதைப் பார்த்ததும் அம்மையாருக்குப் புரிந்துவிட்டது. நான் கைபேசியை நீட்டினேன். படித்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"படம் நல்லா இருக்கு. சாகும்போது இதையே வெச்சுக்கலாம்," என்றார்.

முதலில் ஒரு பெண் சிரித்தாள், பிறகு கூடமே சிரித்தது, சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. விரலால் மடிப்பைத் திறந்து கடைசி வரை படித்தார்.

"லியாவ் ஒரு சின்னத் தீவுல ஆறு வருஷம் ஒத்தை டாக்டரா இருந்தவர். ஹெலிகாப்டர் வர முடியாத புயல்ல பிரசவம் பார்த்தவர். அதைக் கொண்டுபோய் அடியிலயா போட்டே?"

"மரியாதைக்காக உங்க பேரை முதல்ல..."

"என் மரியாதைக்கு அவர் முகத்தை மறைக்கணுமா?"

குரல் உயரவில்லை. எனக்குத்தான் காது சூடாகியது.

பத்து மணி ஒப்படைப்பு விழா மேல்மாடிக் கூட்ட அறையில், அழைக்கப்பட்ட பிரமுகர்கள் முன்னால் என்று ஏற்பாடு. அம்மையார் லியாவைப் பார்த்தார்.

"இன்னும் பதவி முத்திரை என்கிட்டதான் இருக்கு. ஆனா விசேஷம் உங்களோடது. மேலயா, இங்கயா?"

லியாவ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "இங்கேயே, அக்கா. இவங்க எல்லாம் வந்திருக்காங்களே."

ஹோ வியர்வையைத் துடைத்துக்கொண்டே மைக்கைக் கீழே இறக்கினார். வாரியத் தலைவி நடுவில் நின்றார். அவர்தான் ஒப்படைப்புக்குச் சாட்சி. சிவப்புத் துணியில் சுற்றிய முத்திரையை அம்மையார் இரு கையால் அவரிடம் கொடுத்தார். அவர் அதை லியாவிடம் கொடுத்தார். அம்மையார் தன்னைவிட மிகவும் இளையவரான அந்த மனிதருக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். அவ்வளவு பெரிய மனுஷி அவ்வளவு தாழக் குனிந்ததும், துக்கத்துக்கு வந்த கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. என் உடம்பு சிலிர்த்தது. துடைக்க மனமில்லாமல் கண்ணீரை அப்படியே விட்டேன்.

அங்கேயே நின்றபடி புதிதாக எழுதினேன். 'இன்று முதல் நம் தலைமை மருத்துவர் டாக்டர் லியாவ் காய்-ரென். சின்னத் தீவு ஒன்றில் ஆறு ஆண்டுகள் தனியாகப் பணியாற்றியவர். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பொறுப்பைச் சுமந்த டாக்டர் யான் ஷியூ-லான் அவர்களுக்கு நம் நன்றி.' வெளியிடும் முன் இருவரிடமும் காட்டினேன். லியாவ், அம்மையாருக்கு இன்னும் இரண்டு வரி வேண்டும் என்றார். அம்மையார் ஒரே வரி போதும் என்று தானே சொன்னார்: 'திங்கட்கிழமை காலைகளில் வழக்கம்போல் மூன்றாம் அறையில் நோயாளிகளைப் பார்ப்பார்.'

வண்ணப் படத்தோடு போட்டேன். முத்திரைக்கு இரு பக்கமும் இருவர் முகமும் தெரிந்தன. பழைய பதிவின் மேல் திருத்தத்தையும் ஒட்டினேன்.

அம்மையார் அங்கியை மாட்டிக்கொண்டு மூன்றாம் அறைப் பக்கம் நடந்தார். அ-சூன் கைபேசியை மூக்கோடு ஒட்டிவைத்துப் புதிய பதிவைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் எழுந்தார்.

"பெரிய டாக்டர்!" என்று கூப்பிட்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பெயருக்கு ஒருவர்தான் திரும்புவார். கூடமே பழக்கத்தில் அம்மையாரைப் பார்த்தது, நானும்தான். அவர் கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தார். காதில் விழாமல் இருக்காது. கழுத்துகூட அசையவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனார்.

அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்த லியாவ், மெல்லத் திரும்பினார்.

"சொல்லுங்க, பெரியப்பா," என்றார்.