மோர் கிளாஸில் கால் பங்கு

கன்டினியூட்டி பார்க்கிறவளுக்கு முகம் தேவையில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். முகத்தை டைரக்டர் பார்த்துக்கொள்வார், வெளிச்சத்தைக் கேமராமேன் பார்த்துக்கொள்வார். எனக்கு வேண்டியதெல்லாம் கை எங்கே இருக்கிறது, கிளாஸில் எவ்வளவு இருக்கிறது, சட்டைக் கை எத்தனை மடிப்பு. ஒரே காட்சியைப் பல கோணங்களில் பல தடவை எடுத்து ஒட்டுகிறார்கள். வலது கையில் இருந்த கிளாஸ் அடுத்த ஷாட்டில் இடது கைக்குத் தாவியிருந்தால் தியேட்டரில் எவனாவது ஒருத்தன் சிரிப்பான். அந்த ஒருத்தன் வாயில் படம் விழக் கூடாது என்பதற்குத்தான் நான். பெயர் அன்புக்கரசி. யூனிட்டில் பாதிப் பேருக்கு வெறும் நோட்டுக்காரி.

அன்றைக்கு தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் படப்பிடிப்பு. முதலாளி அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து எங்களை உள்ளே விட்டு, ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு, "பத்து மணிக்கு எனக்கு வியாபாரம். உள்ள யாரு நின்னாலும் ஷட்டர் ஏறிரும், கேட்டியளா?" என்றார், சிரித்துக்கொண்டே. கத்துகிறவர்களோடு பேரம் பேசலாம். சிரிக்கிறவர்களோடு முடியாது.

காட்சியில் நடிக்க வந்தவர் சுப்புராயன். முப்பத்தொரு வருஷமாகக் கோடம்பாக்கத்தில் கூட்டத்தில் ஒருவர். பஸ்ஸில் பயணி, கோர்ட்டில் பார்வையாளர், சாவு ஊர்வலத்தில் மூன்றாவது வரிசை. அன்றைக்குத்தான் முதன்முதலாக வசனம். பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் வந்து கடை வாசலில் நின்றிருந்தார்.

"எங்கூட்டுக்காரி பிளாக் முழுக்கச் சொல்லிக்கினு திரியறாம்மா," என்றார் என்னிடம். "மூஞ்சி நல்லா தெரியும்ல?"

"உங்க மூஞ்சியிலதான் சீனே முடியுது, அண்ணே," என்றேன்.

அது உண்மைதான். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் தனியாக வந்திருக்கும் அப்பா. கடையில் அவருக்கு மோர் கொடுக்கிறார்கள். விற்கிற பெண் என்ன கலர் என்று கேட்கிறாள். "எது எடுத்தாலும் சரிங்குது பொண்ணு. சின்னதுல ஒரு பாவாடை கட்டிக்கும்," என்று சொல்லி ஒரு வாய் மோர் குடிக்கிறார். "அந்தக் கலர். பேர் தெரியாது. பாத்தா தெரியும்." பிறகு முன்னால் விரித்திருக்கும் கத்தரிப்பூ நிறப் புடவையைப் பார்த்து, "இதுதான்" என்கிறார். அவ்வளவுதான் அவர் வசனம்.

முதலில் கடை முழுக்கத் தெரிகிற மாதிரி வைடு ஷாட். எட்டேகாலுக்கு முடிந்தது. என் நோட்டில் எழுதினேன்: மோர் வலது கையில், அரை கிளாஸ். இடது கை மேசையில். 'கட்டிக்கும்' முடிந்ததும் ஒரு வாய், மிச்சம் கால் கிளாஸ். சட்டைக் கை மூன்று மடிப்பு. மோர் ஒரு பொல்லாத சாமான். குடித்த இடம் வரைக்கும் கிளாஸில் வெள்ளையாகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரே மாதிரி எட்டு கிளாஸ் வாங்கி, கேமராவுக்குத் தெரியாத பக்கம் அளவுக்குச் சின்னதாக டேப் ஒட்டி வைத்திருந்தேன். இத்தனை செய்துவிட்டுத்தான் கோட்டை விட்டேன்.

அடுத்தது குளோசப். மார்புக்கு மேலே மட்டும், அந்த ஒரு வாய்க்குப் பிறகு 'அந்தக் கலர்' என்பதிலிருந்து. முதல் இரண்டு டேக்கும் பரவாயில்லை ரகம். வசனம் வந்தது, மனுஷர் வரவில்லை. மூன்றாவது டேக்குக்கு முன்னால் கிளாஸை மாற்றினேன், கால் பங்கு சரிபார்த்தேன். அப்போது அவர் வலது சட்டைக் கையில் ஒரு மடிப்பு அவிழ்ந்திருந்தது. உடைகள் பார்க்கிற ஜமீலுன்னிசாவைக் கூப்பிட்டு, போனில் எடுத்த போட்டோவைக் காட்டி, நான்கு விரல் அளந்து மடிக்க வைத்தேன். நிமிர்ந்தபோது கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

"அந்தக் கலர்," என்றார் சுப்புராயன்.

அதற்குப் பிறகு நான் நோட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கவில்லை. அந்த மனுஷர் 'பேர் தெரியாது' என்று சொன்னபோது, மகளின் முழுக் குழந்தைப் பருவமும் அவருக்குத் தெரியும், அதற்கு ஒரு சொல்தான் தெரியாது என்று எனக்குப் பட்டது. 'இதுதான்' என்றபோது அவர் கண்ணில் நீர் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. ஒன்பது படம் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு டேக்கில் அழுதது அன்றைக்குத்தான்.

டைரக்டர் செம்பியன் கட் சொல்லவே மறந்து, கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். கேமராமேன் லாரன்ஸ் சட்டையால் மூக்கைத் துடைத்தார். எப்போதும்போல டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "அன்பு, உனக்கு ஓகேவா?"

நோட்டில் மூன்றாவது டேக்குக்கு நேரே வெள்ளைத் தாள்.

ஓகே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஒரு தடவை மானிட்டர்ல பாத்துடறேன், சார்," என்றேன்.

மானிட்டரில் கிளாஸ் நிறைய மோர். விளிம்புக்கு ஒரு விரல்தான் குறைவு. போதாததற்கு அது இடது கையில் இருந்தது. கால் கிளாஸ் மிச்சம் வைத்த மனுஷருக்கு அடுத்த நொடியே முழு கிளாஸ், அதுவும் வேறு கையில்.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"ரெடி சொல்லும்போது பாத்தேன், ரொம்பக் கீது. புடவையில ஊத்திடப் போறோம்னு தள்ளி இந்தக் கைக்கு மாத்தினேம்மா," என்றார் சுப்புராயன். "தப்பாயிடுச்சா?"

தப்பு அவருடையது இல்லை. நான்காவது டேக் எடுத்தோம். கால் கிளாஸ், வலது கை, எல்லாம் கணக்காக. அவருக்கு முகமே வரவில்லை. ஐந்தாவதும் அப்படித்தான். மணி ஒன்பதரை.

செம்பியன் கடிகாரத்தைப் பார்த்தார். "வைடுலயே சீனை முடிச்சிடலாம். வேற வழி இல்ல."

சுப்புராயனுக்குக் கேட்டுவிட்டது. "பரவால்ல சார்," என்றார் உடனே. முப்பத்தொரு வருஷம் பரவாயில்லை சொல்லிப் பழகிய வாய். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "வைடுல மூஞ்சி எத்தினி பெருசுக்குத் தெரியும்மா?" என்றார்.

வைடில் அவர் முகம் என் கட்டை விரல் அளவு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது, முதலில் என் மேல், அப்புறம் அந்த மோரை ஊற்றிய புண்ணியவான் மேல். யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அய்யாதுரையின் மனைவி தங்கபுஷ்பம் கல்லாவுக்குப் பக்கத்தில் மோர் ஜாடியோடு நின்று, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாஸ்ல நீங்க ஊத்தினீங்களாம்மா?" என்றேன் விறைப்பாக.

"ஆமா. ஒரு ஆளு காலி கிளாஸைப் பிடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்றார் அவர், நான்தான் தப்புச் செய்த மாதிரி. "நம்ம கடையில புடவை எடுக்க வந்தவங்க கிளாஸு குறைஞ்சா, கேட்காம ஊத்திருவோம். இருபது வருஷமா அதான் பழக்கம். நடிப்புன்னா மட்டும் தாகம் எடுக்காதோ?"

பதிலுக்குச் சுடச்சுட ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு மானிட்டரிடம் ஓடினேன். மூன்றாவது டேக்கை மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை முகத்தை விட்டுவிட்டு. இடது கையில் கிளாஸ் போனதால் வலது கை சும்மா இருந்தது. சும்மா இருந்த கை கீழே போயிருந்தது. கை கேமராவுக்குள் இல்லை, ஆனால் வலது தோள் மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. அவர் புடவையைத் தடவிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு டேக்கிலும் அந்தக் கையில் கிளாஸ். தொடவே வழியில்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டு வசனம் சொல்லியிருக்கிறார்.

"சார், அந்த டேக்கைத் தூக்க வேணாம்," என்றேன் செம்பியனிடம். "நடுவுல ஒரே ஒரு ஷாட் போதும். கை மட்டும், மூஞ்சி வேணாம். வலது கை கால் கிளாஸை மேசையில வைக்குது. கடைக்காரங்க வந்து கேட்காமலே ஊத்தறாங்க. வலது கை புடவைக்குப் போகுது. இடது கை கிளாஸை எடுக்குது. அங்கேர்ந்து குளோசப்புக்குப் போயிடலாம்."

செம்பியன் என்னையே பார்த்தார். "யார் கை ஊத்தறது?"

"இருபது வருஷமா ஊத்தற கை இருக்கு, சார்."

தங்கபுஷ்பத்திடம் சொன்னதும் ஜாடியைக் கீழே வைத்துவிட்டார். "நானா? இருங்க, ரெண்டு வளையல் கூடப் போட்டுக்கிடுதேன். போடலாமா?"

"நீங்க இதுக்கு முன்னாடி எந்த ஷாட்லயும் இல்லம்மா. இந்தக் கடையிலேயே கன்டினியூட்டி இல்லாத ஒரே ஆள் நீங்கதான். எத்தனை வேணும்னாலும் போட்டுக்குங்க."

கேமராவை மேசைக்குச் சாய்த்து வைப்பதற்குள் ஒன்பது நாற்பத்தெட்டு. மூன்று மடிப்பு. கால் கிளாஸ், மேலே அரை அளவு வரைக்கும் மோர் படிவு. முதல் தடவை தங்கபுஷ்பம் அரை கிளாஸோடு நிறுத்திவிட்டார். யாரையும் கேட்காமல் ஊற்றிய கை, கேட்டதும் கணக்குப் பார்த்தது.

"விளிம்புக்கு ஒரு விரல் இருக்கணும்மா," என்றேன். "கேமராவை மறந்துடுங்க. அண்ணன் புடவை எடுக்க வந்திருக்காரு."

இரண்டாவது தடவை வளையல் குலுங்க ஒரே வீச்சில் ஊற்றினார். சரியாக ஒரு விரல். சுப்புராயனின் வலது கை புடவைக்குப் போனது, இடது கை கிளாஸை எடுத்தது. செம்பியன் என் பக்கம் திரும்புவதற்கு முன்பே ஓகே என்று கத்திவிட்டேன். அய்யாதுரை ஷட்டரைத் தூக்கினார். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல், லைட்டைச் சுமந்துகொண்டு ஓடுகிறவர்களுக்கு நடுவே நின்று சிரித்தேன்.

ஏழு மாதம் கழித்து கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டரில் படம் போட்டார்கள். சுப்புராயன் மனைவியோடு வந்திருந்தார், எனக்குப் பக்கத்து சீட். முன் வரிசை முழுக்க அய்யாதுரை குடும்பம். திரையில் வளையல் போட்ட கை வந்ததும் அந்த வரிசையே கைதட்டியது. "எங்கம்மா கை, எங்கம்மா கை," என்று அவர்கள் மகன் எல்லோருக்கும் அறிவித்தான்.

பிறகு கிளாஸ் இடது கைக்குப் போனது. யாரும் சிரிக்கவில்லை. திரை முழுக்க சுப்புராயனின் முகம் வந்தது. கைதட்டல் அப்படியே நின்றுபோனது. அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இந்தத் தடவை என் வேலையைச் செய்தேன், கையைப் பார்த்தேன். பக்கத்து சீட்டில், இருட்டில், அவருடைய வலது கை நாற்காலிக் கைப்பிடியின் மேல் மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தது, பட்டைத் தடவுகிற மாதிரி.

வீட்டுக்குப் போய் அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மூன்றாவது டேக்குக்கு நேரே இருந்த வெள்ளை இடத்தில் எழுதினேன்: இடது கையில் மோர், முழு கிளாஸ். வலது கை புடவையில்.