பழைய விலைக்காரர்

டெல்லி முனிர்காவில் மேகலா மெஸ் என்றால் கை மேகலாவுடையது, வாய் அவள் கணவன் பச்சைமுத்துவுடையது. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட கேப்ஷனில் தூவிச் சரிக்கட்டிவிடுவான் என்பாள் மேகலா. அது பாராட்டா திட்டா என்று அவன் கேட்டுத் தெளிந்துகொண்டதில்லை. அடுப்படியில் அவனால் ஆகக்கூடியது அப்பளம் நொறுக்குவது மட்டும்தான். அதனால் தினமும் சாப்பாட்டைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு, கீழே நாலு வரி எழுதுவான். "இன்று வத்தக்குழம்பு. குளிருக்கு ஹீட்டர் இல்லாதவர்கள் இருமுறை ஊற்றிக்கொள்ளவும்." இந்த மாதிரி வரிகளுக்கு விழும் இதயங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அந்த மாதம் எழுத வேண்டியிருந்தது சிரிப்பு வரி இல்லை. எண்பது ரூபாய்ச் சாப்பாட்டை நூறாக்க வேண்டும். சிலிண்டர் ஏறிவிட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொன்னி அரிசிக்காரர், "பையா, நான் என்ன பண்ண?" என்று கையை விரித்துவிட்டார். ஏற்றாவிட்டால் மெஸ்ஸை மூட வேண்டும். ஏற்றினால், அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ரெண்டு தெரு தள்ளிப் புதிதாக வந்திருக்கும் பராத்தாக் கடைக்குப் போய்விடும்.

முதல் வரைவை அவன் உரக்கப் படித்தான். "நீங்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, எங்கள் குடும்பம்..."

"குடும்பத்துக்கிட்ட எவனாச்சும் சோத்துக்குக் காசு வாங்குவானா?" என்றாள் மேகலா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மொத வரியிலயே வெலைய சொல்லு. மோரைத் தொட்டாத்தான் தெரியுங்கற எடத்துல ஒளிச்சு வெக்காத. எதுனாலன்னு ஒரு வரி. எந்தத் தேதிலேருந்துன்னு ஒரு வரி. மாசக்காசு குடுத்தவங்களுக்கு இந்த மாசம் பழைய வெலதான். அளவும் ருசியும் கொறையாது. முடிஞ்சுது."

"மோர் இல்லடி, மிச்சத்தைக் காட்டற 'மோர்'ங்கற பட்டன். நீ சொல்றது அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கே. மரியாதை எங்க இருக்கு?"

"சுத்தி வளைக்காம சொல்றதுதான் மரியாதை. இன்னொண்ணு, தெனமும் வர்றவங்களுக்கு ரசம் ஊத்தறப்ப மொகத்தைப் பாத்து வாயால சொல்லிப்புடு. போன்ல பாத்துத் தெரிஞ்சிக்கிட்டா மனசு சங்கடப்படும்."

பச்சைமுத்து தலையை ஆட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் மேகலாவின் நாலு வரி அவனுக்கு மொட்டையாகத் தெரிந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து சாப்பிட வரும் கவிப்ரியாவிடம் கேட்டான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"அங்கிள், தமிழ்ல நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனா ஒண்ணு, பழைய கஸ்டமர் போட்டோ போட்டு டேக் பண்ணுங்க. அவங்களுக்கு ஸ்பெஷலா ஃபீல் ஆகும். கமெண்ட் வந்தா ஜல்தி ரிப்ளை பண்ணணும், விட்டுடாதீங்க."

போதாதா? மெஸ்ஸின் மிகப் பழைய ஆள் ஜெயசீலன். தூத்துக்குடிப் பக்கம். சுவரோரக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சாப்பிடுவான். ஆறு வருடமாக ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. பரிமாற ஆள் இல்லாத நாளில் தானே எழுந்து தண்ணீர் ஊற்றுவான். அவன் சிரித்தபடி சாதம் பிசைகிற படம் ஒன்று பச்சைமுத்துவின் போனில் இருந்தது. அதைப் போட்டு, அவனை டேக் செய்தான். முதல் வரியில் விலை, பிறகு காரணம், தேதி எல்லாம் மேகலா சொன்னபடியே. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவனாக இருந்தால் அவன் ஏன் பச்சைமுத்து?

"விலை ஏறினாலும் சிலருக்கு ஏறாது. ஆறு வருடமாகப் பரீட்சைமேல் பரீட்சை எழுதியும் எங்கள் தட்டைக் கைவிடாத தம்பி ஜெயசீலனுக்கு என்றைக்கும் பழைய விலைதான். பாஸாகிற அன்றைக்கு எங்கள் செலவில் பாயசம்!"

எழுதி முடித்ததும் அவனுக்கே கண் கலங்கியது. இதயங்கள் கொட்டின. விலையைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "ரெஸ்பெக்ட் அண்ணா" என்று நாலைந்து பேர். "பாத்தியா?" என்று போனை மேகலாவிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்டக் கேட்டியா?" என்றாள்.

"கௌரவிக்கறதுக்கு யாராவது பர்மிஷன் கேப்பாங்களா?"

அப்போதுதான் சிந்து என்கிற பெயரில் ஒரு கமெண்ட் வந்தது. "இது எங்க அண்ணன் மாதிரி இருக்கு. ஆனா அவன் மினிஸ்ட்ரில வேல பாக்கான், குவார்ட்டர்ஸ்ல இருக்கான். இது வேற ஆளா?"

ஜல்தி ரிப்ளை. கவிப்ரியா சொல்லியிருந்தாளே. யாரோ கூடப் படித்த பிள்ளை ஜெயசீலனைக் கலாய்க்கிறது என்று நினைத்துக்கொண்டான் பச்சைமுத்து. "அதே ஆள்தான்மா! மினிஸ்ட்ரி எல்லாம் இனிமேதான். நம்ம மெஸ்தான் இப்போதைக்கு அவருக்கு குவார்ட்டர்ஸ்!" கூடவே கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ரெண்டு.

மதியம் கடைசி இருக்கை காலியாகவே இருந்தது. இரவும் வரவில்லை. பச்சைமுத்து கூப்பிட்டுப் பார்த்தான், போன் அணைந்திருந்தது.

மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு ஜெயசீலன் வந்தான். உட்காரவில்லை. முகம் மழிக்காமல், கண் உள்ளே போயிருந்தது.

"வா தம்பி, நேத்து எங்க ஆளக் காணோம்? மேகலா, தட்டு எடு!"

"வேண்டாம் அண்ணாச்சி." மேசைமேல் நூறு ரூபாயை வைத்தான். "முந்தாநாள் சாப்ட்டதுக்கு. புது வெல."

"உனக்குப் பழைய வெலதான்னு..."

"அதான் ஊருக்கே சொல்லிட்டியளே." குரல் உயரவில்லை. "நீங்க வெல ஏத்துனதுக்கு நான் என்னத்தச் சொல்லப்போறேன்? நூத்தம்பது ஆக்கிருந்தாலும் வந்திருப்பேன் அண்ணாச்சி. ட்யூஷன் எடுத்தாவது குடுத்திருப்பேன். நான் பாவம்னு நீங்களா எப்படி முடிவு பண்ணுனிய?"

பச்சைமுத்து அந்த நோட்டை அவன் பக்கமே தள்ளினான்.

"போன வருசம்தான் வேல கெடச்சிட்டுன்னு வீட்ல சொன்னேன். அம்மைக்கு ஆபரேஷன். அந்த நேரத்துல ஒரு நல்ல சேதி வேண்டியிருந்துச்சு. பாஸ் பண்ணிட்டு நெசமாக்கிரலாம்னு பாத்தேன்." லேசாகச் சிரித்தான். படத்தில் இருந்த அதே சிரிப்பு, ஆனால் பாதி. "நீங்க மரியாதையாத்தான் எழுதிருந்திய. அதான் என்னால சண்ட கூடப் போட முடியல."

"தம்பி, ரெண்டு வாய் சாப்ட்டுட்டுப் போப்பா," என்றாள் மேகலா.

"ரூமைக் காலி பண்ணுதேன் அக்கா. வேற பக்கம் பாத்திருக்கேன்." எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை. வாசலில் காலணி மாட்டும்போது, பழக்கத்தில், காலியாகிக் கிடந்த தண்ணீர் ஜக்கை எடுத்துக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு மேகலா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பான். அதற்கும் வழியில்லை.

படத்தை நீக்கினான். டேகை நீக்கினான். பாயசத்தை நீக்கினான். கடைசியில் மேகலாவின் நாலு வரி மட்டும் மிஞ்சியது. அதை வெறும் சாப்பாட்டுத் தட்டின் படத்தோடு மறுபடி போட்டான். யாரும் கோபிக்கவில்லை. வழக்கமாக வரும் மற்றவர்கள் எல்லாரும் வந்தார்கள், புது விலையைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த நாலு வரியே போதுமானதாக இருந்திருக்கிறது. பராத்தாக் கடைக்கு ஒருவன்கூடப் போகவில்லை. மெஸ் பிழைத்துக்கொண்டது.

வாரக் கடைசியில் மெஸ்ஸின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. சிந்து.

"அண்ணா, எங்க அண்ணன் உங்க மெஸ்ஸுக்கு வாரானா? போன் எடுக்க மாட்டக்கான். நாங்க யாரும் கோவமா இல்ல. அம்மா அழுதுட்டே இருக்கா. அவன் சாப்ட்டானான்னு மட்டும் சொல்லுங்க."

பச்சைமுத்து பதில் எழுதத் தொடங்கினான். அழித்தான். மறுபடி எழுதினான். எழுதுகிறார் என்பதற்கான அந்த மூன்று புள்ளிகளை அந்தப் பெண் அங்கே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் போனைக் கவிழ்த்துவைத்தான்.

உள்ளே மேகலா ஒவ்வொரு இருக்கைக்கும் தட்டு வைத்துக்கொண்டு வந்தாள். சுவரோரக் கடைசி இருக்கைக்கும் ஒன்று வைத்தாள்.