பச்சைக்குள் பச்சை

படப்பிடிப்புக் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு வந்தது யார் என்று பார்த்ததும் பாப்பா கையிலிருந்த ஹேங்கரை அப்படியே கீழே வைத்தாள். முப்பது தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான். அந்தப் பெயரைச் சொல்லி அதிகம் கூப்பிட்டவள், வயலின் பெட்டியோடு வாசலில் நின்ற அண்ணிதான். அண்ணனை விட்டுப் பிரிந்துபோன அண்ணி.

இசை நிறுவனத்துக்காரர்கள் "ஆல்பம் அட்டைப்படத்துக்கு ஒரு வயலின்காரம்மா, தலை முதல் கால் வரை பச்சைதான் வேணுங்கறாங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். ஆட்களுக்கு உடை பொருத்திக் கொடுப்பது பாப்பாவின் தொழில். பேர் கேட்கத் தோன்றவில்லை.

"நீயா?" என்றாள் அண்ணி.

"நான்தான். உள்ள போய் மாத்திக்குங்க."

அண்ணி திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது பாப்பா தன் வேலையை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டாள். சட்டை, கால்சட்டை, மேலே ஒரு நீள அங்கி, எல்லாமே ஒரே இலைப்பச்சை, ஒரே வழவழப்புத் துணி. இம்மிகூட நிறம் மாறாமல் பார்த்துப் பார்த்து எடுத்தது.

புகைப்படக்காரர் நாலு படம் எடுத்தார். கணினித் திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"என்னங்க இது? காகிதத்துல வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு. அங்கி எங்க முடியுது, சட்டை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. இடுப்புல ஒரு சிவப்பு பெல்ட்டைக் கட்டி விடுங்க."

"சிவப்பு வேணாம்" என்றாள் அண்ணி. "பச்சைன்னா பச்சைதான்."

பாப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. நின்றாள், நடந்தாள், ஹேங்கர்களை இங்கும் அங்கும் தள்ளினாள். புகைப்படக்காரர் சொன்னது நிஜம். எல்லாம் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. வெளிச்சம் எங்கு பட்டாலும் ஒரே மாதிரி திரும்பிவந்தால் கண் எதைப் பிடித்து நிற்கும்? பொருத்தம் பொருத்தம் என்று பார்த்து உயிரைக் கொன்றிருக்கிறாள்.

"சட்டையைக் கழட்டிடுங்க, அண்ணி." பழைய உறவு வாயில் தானாக வந்து விழுந்தது. இருவரும் அதைக் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

வெளிறிய பிஞ்சுப் பச்சையில் ஒரு பட்டுச் சட்டையைக் கொடுத்தாள். முகத்துக்குக் கீழே அது மெல்ல மின்னியது. பளபளத்த கால்சட்டைக்குப் பதில், மினுக்கமே இல்லாத கனத்த பருத்தியில், ஒரு சாயல் அழுத்தமான பச்சை. அங்கியின் இடத்துக்குத்தான் ஒன்றும் சரிப்படவில்லை. ஒன்று மெல்லிசு, இன்னொன்று நீலம் கலந்த பச்சை, சட்டையும் கால்சட்டையும் மஞ்சள் சாய்ந்தவை, பக்கத்தில் வைத்தால் சண்டை பிடித்தது.

"நீங்க போட்டிருக்கீங்களே, அது?" என்றார் புகைப்படக்காரர்.

பாப்பா தன்னைக் குனிந்து பார்த்தாள். பாசிப்பச்சை கார்டுராய் கோட்டு. துணி முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும், முழங்கையில் தேய்ந்து வெளுத்த திட்டு. சட்டை, கால்சட்டை இரண்டையும்விட ஆழமான பச்சை, அதே மஞ்சள் சாயல். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ஆனால் அது அண்ணனுடையது.

கழற்றி நீட்டினாள். அண்ணி வாங்காமல் பார்த்தாள்.

"அவரோடதா?"

"ஆமா. வேணாம்னா விட்டுடுங்க. வேற பாக்கலாம்."

"இதைவிடப் பொருத்தமா வேற இருக்கா? உன் தொழிலை வச்சு சொல்லு."

"இல்ல."

அண்ணி போட்டுக்கொண்டு கையை மடித்துவிட்டாள். புகைப்படக்காரர் விளக்கைப் பக்கவாட்டுக்குத் தள்ளினார். கோட்டின் வரிகளில் மேடு வெளிச்சத்தையும் பள்ளம் நிழலையும் பிடித்தன. உள்ளே பட்டு ஒளிர்ந்தது. கீழே பருத்தி அடங்கி நின்றது. எல்லாம் பச்சைதான், ஆனால் எதுவும் எதையும் விழுங்கவில்லை. திரையில் ஒரு மனுஷி இருந்தாள்.

"இதான்!" என்றார் அவர்.

முடிந்ததும் அண்ணி கோட்டைக் கழற்றித் தோளோடு தோள் சேர்த்து மடித்தாள்.

"சொல்லாமக் கொள்ளாமப் போனீங்களே" என்று பாப்பா கேட்டேவிட்டாள். "எனக்காச்சும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

"உன்கிட்ட சொன்னா நீ போகவிட்டிருக்க மாட்டே. நானும் நின்னுருப்பேன்." அண்ணி மடித்த கோட்டை நீட்டினாள். "நின்னிருந்தா வயலினைத் தொட்டிருக்க மாட்டேன், பாப்பா."

பாப்பா கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். கோபம் போகவில்லை, ஆனால் இருந்த இடத்தில் இல்லை.

தெருவுக்கு வந்ததும் கைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அட்டைப்படம் சுவரெல்லாம் ஒட்டப்படும். யாரோ சொல்லி அண்ணன் தெரிந்துகொள்ளக் கூடாது. நடந்துகொண்டே அழைத்துக் கொட்டித் தீர்த்தாள்.

கைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றான் அண்ணன். "நல்லா வாசிக்கிறாளாமா?"

"கேக்கலையே. படம்தான் எடுத்தோம்."

"ஒரு நாள் போய்க் கேளு. போயிட்டு வந்து எனக்குச் சொல்லு."

அவன் வைத்துவிட்டான். பாப்பா வந்த பேருந்தில் ஏறாமல் நடந்துகொண்டே இருந்தாள்.