ஐம்பது மீட்டர், தடையின்றி

சென்னை மாநகரின் சகல குரல்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், தொண்டை என்னும் உறுப்பின் கஷ்டகாலம் இன்றோடு முடிந்தது. இனி யாரும் கத்த வேண்டியதில்லை. சட்டையில் கவ்விக்கொள்ளும் கம்பியில்லா மைக், தி. நகர் உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பாஷா மொபைல்ஸில் வந்து இறங்கிவிட்டது.

இந்த அறிவிப்பை எழுதியவர் மயிலாப்பூர் ஸ்ரீகிருஷ்ணா. ஒரு விளம்பரக் கம்பெனியில் இருபது வருஷம் சோப்புக்கும் சிமெண்டுக்கும் ஆன்மா இருப்பதாக நிரூபித்தவர். கம்பெனி அவர் இல்லாமலே நிரூபித்துக்கொள்ள முடிவு செய்த பிறகு, அக்பர் பாஷாவின் கடைச் சரக்குகளுக்கு இணையத்தில் வர்ணனை எழுதும் வேலைக்கு வந்திருந்தார். கடையில் எல்லோரும் அதை வேலை என்றார்கள். அவர் மட்டும் அதைப் பங்களிப்பு என்றார்.

மைக்குக்கான முதல் வர்ணனையைப் பாஷாவின் மகன் தௌசீஃப்தான் எழுதி வைத்திருந்தான். அது இப்படி இருந்தது: "டைப் சி பின். பழைய ஐபோனுக்கு ஆகாது. சில போன்ல செட்டிங்ஸ் உள்ளே போய் ஓ.டி.ஜி. ஆன் பண்ணணும். திறந்த வெளியில இருபது மீட்டர் வரும், ஆனா மாட்டினவர் முதுகைக் காட்டினா சத்தம் அறுந்துடும். போன்ல ரிசீவர் சொருகியிருக்கும்போது போனோட சொந்த மைக் வேலை செய்யாது."

ஸ்ரீகிருஷ்ணா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தௌசீஃப், இது வர்ணனையா, பிரேதப் பரிசோதனையா?"

"டப்பால இருக்கறத எழுதினேன் சார். மீதி நானே போட்டுப் பார்த்தது."

"ஒரு விளம்பரத்துல 'ஆனா' வரப்படாது. 'ஆனா'வைப் பார்த்ததும் கஸ்டமர் எழுந்துண்டு போயிடுவான். என்ன பாய், நான் சொல்றது?"

கல்லாவில் இருந்த அக்பர் பாஷா நல்ல மனுஷன். வியாபாரத்துக்கு அது இடைஞ்சல் என்றும் அவருக்குத் தெரியும். "இருபது மீட்டர்னா இருபதுனு போடுங்க சாப்" என்றார்.

"எதிர்க்கடைக்காரன் இதே டப்பாவுக்கு ஐம்பதுன்னு போட்டிருக்கான்."

பாஷா எதிர்க்கடையைப் பார்த்தார். "அப்ப ஐம்பது போடுங்க."

இவ்வாறாக உலகத்துக்குக் கிடைத்தது: "ஐம்பது மீட்டர், தடையின்றி. எல்லா போனுக்கும் உற்ற தோழன். ஏழடி ஸ்டாண்டும் நிலவொளி சிந்தும் ரிங் லைட்டும் சேர்ந்த செட். சுற்றிலும் அமைதி காத்திடுங்கள். மற்றதை மைக் பார்த்துக்கொள்ளும். ரிசீவரில் துடிக்கும் பச்சை விளக்கு, உங்கள் குரலின் இதயத்துடிப்பு!"

ரிசீவரில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். துடித்தால், சட்டையில் இருக்கும் மைக்கைக் காணாமல் தேடுகிறது என்று அர்த்தம். தௌசீஃபுக்கு இது தெரியும். அவன் சொல்லவும் செய்தான். நிலையாக எரியும் இதயத்தைப் பற்றி எழுத முடியாது என்று ஸ்ரீகிருஷ்ணா விளக்கினார். அதற்குள் வாடிக்கையாளர் யாரோ சார்ஜர் கேட்டார்கள்.

அந்த வர்ணனையைச் சைதாப்பேட்டையில், அடையாறு ஓரத்துக் குடிசையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தவள் மணிமொழி. தனியார் கம்பெனியில் போனில் பேசும் வேலை. அம்மா வேலம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். ஆற்றோரத்துக் குடும்பங்களைக் காலி செய்யப் போகிறார்கள் என்பது உறுதி. எங்கே அனுப்புவார்கள் என்பதுதான் கேள்வி. ஊருக்கு வெளியே, பஸ் ஏறி இறங்கி மறுபடி ஏறினால் வரும் கட்டடங்களுக்கா, அல்லது தெருக்கோடியில் பாதி எழும்பி நிற்கும் அடுக்குமாடிக்கா? வெளியே போனால் வேலம்மா விடியலில் மீன் எடுக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

போன தடவை வந்த அதிகாரி "இங்கேயேதான்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு சொல்லவே இல்லை என்றார். வீடியோ இருந்தது, அதில் மின்சார ரயில் போகும் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்டது. அந்த அதிகாரி மாறிப் புதியவர் வரப் போகிறார். இந்தத் தடவை விடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதற்குத்தான் மைக்.

மணிமொழி கடைக்கே நேரில் வந்தாள். தௌசீஃப் அவள் போனின் தடிமனான கவரைக் கழற்றச் சொல்லி, ரிசீவரைச் சொருகி, ஓ.டி.ஜி.யை ஆன் செய்து, மைக்கைத் தன் காலரில் மாட்டிக்கொண்டு "ஒன் டூ த்ரீ" சொன்னான். கல்லாவுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். நன்றாகவே கேட்டது.

"தூரமா வெச்சாலும் கேக்குமா நைனா?"

தௌசீஃப் வாயைத் திறந்தான். "ஐம்பது மீட்டர் போட்டிருக்கே மேடம்" என்றார் ஸ்ரீகிருஷ்ணா, உள்ளேயிருந்து. தௌசீஃப் வாயை மூடிக்கொண்டு பில் போட்டான்.

அதிகாரி சனிக்கிழமை காலை வந்தார். சட்டையில் மைக் மாட்ட அனுமதி கேட்டபோது, மறுப்பார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். அரசாங்க ஊழியத்தில் யாரும் அவருடைய காலரை அதுவரை கௌரவித்ததில்லை.

"சேனலா?"

"எங்க சேனல்தான் சார்."

"எத்தனை சப்ஸ்கிரைபர்?"

"இப்பத்தான் ஆரம்பிச்சுகீறோம்."

ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பதில் மணிமொழிக்குச் சந்தேகமே இல்லை. எல்லா வீடும், எல்லா முகமும், அதிகாரியும் ஒரே படத்தில் விழ வேண்டும். பிறகு யாரும் வேறு இடத்தில் எடுத்தது என்று சொல்லக் கூடாது. ஆகவே தள்ளி, மதகுச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தாள். நடந்து பார்த்தாள். ஐம்பது மீட்டருக்குள்தான் இருந்தது.

சேட்டு என்று பெயர்கொண்ட பக்கத்து வீட்டுக்காரன், கூட்டத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டான்.

"யோவ், எல்லாம் போனை உள்ள வை! அமைதியா இருக்கணும்னு அதுல போட்டுகீது. நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் எடுத்துக்கினு இருந்தா சவுண்டு கெட்டுடும்."

"நானும் ஓரமா எடுத்துக்கறேன் மாமா" என்றான் ஒரு பையன்.

"இன்னாத்துக்கு? காசு குட்த்து மைக் வாங்கிகீதுல்ல? அடங்கு."

எல்லோரும் போனை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஆற்றோரத்தில் அப்படி ஒரு ஒழுங்கை யாரும் பார்த்ததில்லை.

அதிகாரி போனைப் பார்த்து நின்று பேசத் தொடங்கினார். குடிநீர், வளர்ச்சி, தாயுள்ளம், நதிகளின் தொன்மை எல்லாம் வந்தன. பிறகு வேலம்மா, கையைக்கூடக் கழுவாமல் மார்க்கெட்டிலிருந்து வந்தவள், குறுக்கே புகுந்தாள்.

"அத்த வுடு சார். எங்கள எங்க அனுப்பப் போற, அத்த சொல்லு."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். அதாவது, போனுக்கு முதுகைக் காட்டினார். ஒரு கையை வேலம்மாவின் தோள்மீது வைத்து, குடிசைகளை நோக்கி நடந்துகொண்டே பேசினார். யாரையும் ஊருக்கு வெளியே அனுப்ப மாட்டோம், தெருக்கோடியில் கட்டும் வீடுதான், முதல் பட்டியலில் நீங்கள், இது என் வாக்கு. கேட்டவர்கள் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். மதகுச் சுவர் அருகே மணிமொழி ரிசீவரைப் பார்த்தாள். பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி வீடியோவைப் பார்த்தார்கள். குடிநீர், வளர்ச்சி, தாயுள்ளம், நதிகளின் தொன்மை எல்லாம் வெண்கலக் குரலில் கேட்டன. அதிகாரி திரும்பினார். அத்தோடு சத்தம் போயிற்று. ரயில் இல்லை, காக்காய் இல்லை, காற்றுகூட இல்லை. வேலம்மாவின் கேள்வியும் பாதியில் அறுந்து தேய்ந்து போயிருந்தது. சுத்தமான, தடையற்ற அமைதியில் ஒரு முதுகு நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் சத்தமில்லாமல் கைதட்டினார்கள். கடைசியில் அவர் காருக்குப் போவதற்காகத் திரும்பி நடந்து வந்து, "நன்றி, வணக்கம்" என்றார். அது பிரமாதமாகக் கேட்டது.

"வால்யூம் ஏத்து" என்றான் சேட்டு.

"ஏத்திதான் கீது."

"வேற யார்னா எடுத்தீங்களா?"

எல்லோரும் சேட்டுவைத்தான் பார்த்தார்கள்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. ஊருக்கு வெளியே. வேலம்மாவும் மணிமொழியும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா. நீங்க ரெக்கார்ட் பண்ணீங்களே, போடுங்க, கேப்போம்."

போட்டார்கள். அதிகாரி நதிகளின் தொன்மையை இரண்டு முறை கேட்டார். முதுகு வந்த பகுதியைத் தள்ளிவிட்டு ஓட்டச் சொன்னார்.

"நல்லா வந்திருக்கே! டி.வி. மாதிரி இருக்கு. இதை எனக்கு அனுப்பும்மா. மைக் எங்கே வாங்கினே?"

மணிமொழி சொல்லவில்லை. வேலம்மா சொல்லிவிட்டாள். பெரிய மனுஷன் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

மறுநாள் மணிமொழி பாஷா மொபைல்ஸில் நின்றாள். திட்டுவதற்கு வரவில்லை என்பதுதான் அங்கிருந்தவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. போனை நீட்டினாள்.

"இதுலேர்ந்து சத்தத்த வெளிய எடுக்க முடியுமா நைனா? எதுனா சாஃப்ட்வேர் கீதா?"

தௌசீஃப் காதில் ஹெட்போனை வைத்து ஓட்டிப் பார்த்தான். இன்னொரு முறை ஓட்டினான்.

"உள்ளே போயிருந்தாதான் வெளியே எடுக்க முடியும். ரிசீவர் சொருகினா போன் தன் காதை மூடிக்கும். மைக்கும் தூரம், நடுவுல ஆளோட உடம்பு. ரெண்டும் இல்லன்னா ஒண்ணுமே இல்ல."

"மைக் வாங்காம சும்மா பக்கத்துல நின்னு எடுத்திருந்தா?"

தௌசீஃப் ஹெட்போன் வயரைச் சுற்றி வைத்தான். "கேட்டிருக்கும்."

"விளக்கு துடிச்சுதே. இதயத்துடிப்புன்னு போட்டிருந்துச்சே."

"அது ஒரு உருவகம்மா" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. சொன்ன பிறகு மேஜைமேல் இருந்த பேனாவை ஏனோ நேராக வைத்தார்.

அக்பர் பாஷா எழுந்து வந்தார். "மகளே, வேற பீஸ் மாத்திக் குடுக்கறேன். வாரண்டி இருக்கு."

"இது நல்லாத்தான் வேலை செய்யுது பாய்" என்றாள் மணிமொழி. போனை வாங்கிக்கொண்டு, உஸ்மான் சாலைக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனாள்.

வர்ணனையை மாற்ற வேண்டும் என்று பாஷா முதலில் வாயைத் திறந்தார். தௌசீஃப் பழைய வரிகளைத் தேடி எடுத்தான். ஸ்ரீகிருஷ்ணாவும் ஒத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். அப்போது போன் அடித்தது. ஏதோ அரசாங்க அலுவலகம். சாருக்கு அந்த மைக் ரொம்பப் பிடித்துவிட்டதாம், துறைக்கு ஒரு டஜன் செட் வேண்டுமாம். பாஷா "ஜி சார், ஜி சார்" என்று பேசி முடித்துவிட்டு ஸ்ரீகிருஷ்ணாவைப் பார்த்தார். தௌசீஃபைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வர்ணனையில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. "அரசு அதிகாரிகளின் பாராட்டைப் பெற்றது" என்ற வரி சேர்ந்தது.

திங்கட்கிழமை ஆற்றோரத்துக்கு லாரி வந்தது, வேலம்மா ஏறிக்கொண்டாள்.